அப்பத்தாவுக்கு ப்ரோகால்சிடோனின் 1.8-லேர்ந்து 38, ஆனா லேக்டேட் குறையுது, எதை நம்புறது?

தேவகோட்டைப் பேரன் (சனி, காலை 10:12)
பதட்டத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. எங்க அப்பத்தாவுக்கு 74 வயசு, சுகர் பதினஞ்சு வருசமா இருக்கு. நேத்து சாயங்காலம் முகப்புத் திண்ணைல, இந்த வெயில்ல, கண்டாங்கிய தலை வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு கிடுகிடுன்னு நடுங்குறாக. லீவுக்கு வந்திருந்த நான் பக்கத்துல போனா என்னைய அப்பச்சி பேரச் சொல்லிக் கூப்பிட்டு "வண்டி வந்துருச்சா"ன்னு கேக்குறாக, எந்த வண்டின்னு எனக்குப் புரியல, ஆனா சரியில்லன்னு மட்டும் தெரிஞ்சுது.

ராத்திரி 9 மணி போல காரைக்குடில ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். பிரஷர் 84/50, காய்ச்சல் 103. ரத்தத்துல கிருமி ஏறிருக்கும்போல, யூரின்லேர்ந்து வந்திருக்கலாம்னு சொல்லி, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாடிக் போட்டாக. ஒன்றரை லிட்டர் டிரிப்ஸ் போயும் பிரஷர் நிக்கல, அப்புறம் நார்அட்ரினலின் பம்ப் வச்சிருக்காக.

இப்ப குழப்பம் என்னன்னா, லேக்டேட் 9:40-க்கு 4.6, ராத்திரி 1:30-க்கு 3.1. ப்ரோகால்சிடோனின் 9:40-க்கு 1.8, இன்னைக்குக் காலைல 9 மணிக்கு 38!! ஒண்ணு இறங்குது, ஒண்ணு இருபது மடங்கு ஏறுது. ஊசி வேலை செய்யல, மதுரைக்குத் தூக்கிட்டுப் போகணும்னு சித்தப்பா வாசல்ல நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்காக. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

பள்ளத்தூர் மீனாள் (சனி, 10:31)
அப்பு கவலப்படாத, பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்க. லேக்டேட்னா பால்ல உள்ளதுதானே, எங்க வீட்டுல இவுகளுக்கும் பால் ஒத்துக்காம வயித்தால போச்சு, டாக்டர் பால் தயிர் ரெண்டையும் நிறுத்தச் சொன்னாக, ஒரு வாரத்துல சரியாப் போச்சு. அப்பத்தாவுக்குப் பால் கஞ்சி குடுக்காதீக.

லேப் முருகு (சனி, 10:48)
ஆச்சி அது லேக்டோஸ், இது வேற 😀

பேரன் ப்ரோ, நான் லேப்ல பதினோரு வருசம். ப்ரோகால்சிடோனின் 0.5-க்கு மேல போனாலே சந்தேகம், 2-க்கு மேலன்னா பாக்டீரியா செப்சிஸ் கன்ஃபர்ம், 10-க்கு மேலன்னா சிவியர். 38 வந்தா போட்ட ஆன்டிபயாடிக் பிடிக்கலன்னுதான் அர்த்தம், மாத்தச் சொல்லி டாக்டர்ட்ட கேளுங்க.

மூணாம் ஷிப்ட் (சனி, 11:20)
முருகு, அவசரப்படாதீங்க. தம்பி, நான் திருச்சில ஐசியூல இருக்கேன், உங்க பாட்டிய நான் பாக்கல, அதனால பாக்குற டாக்டர் சொல்றதுதான் முதல். நம்பர எப்படிப் படிப்போம்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல கடிகாரத்தப் பாருங்க. நடுக்கம் எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது? சாயங்காலம் ஆறு, ஆறரைன்னு வச்சுக்கலாம். முதல் சாம்பிள் 9:40. ப்ரோகால்சிடோனின் சாதாரணமா தைராய்டுல துளியூண்டு சுரக்குற சமாச்சாரம். பாக்டீரியா ரத்தத்துல இறங்கிட்டா கல்லீரல், கொழுப்பு, தசைன்னு உடம்பு முழுக்க அதக் கொட்ட ஆரம்பிக்கும். ஆனா கொட்டுறதுக்கே மூணு நாலு மணி நேரம் ஆகும், உச்சிக்குப் போக கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். ஆக உங்க 1.8 மலையடிவாரத்துல எடுத்தது, 38 மலை மேல எடுத்தது. மருந்து முதல் டோஸ்லயே கிருமிய அடிச்சிருந்தாலும் மறுநாள் காலைல இந்த நம்பர் ஏறித்தான் இருக்கும். அத வச்சு மருந்து தோத்துருச்சுன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது நாளுக்கும் மூணாவது நாளுக்கும் நடுவுல என்ன பண்ணுதுங்கிறதுதான் கேள்வி.

லேக்டேட் அப்படியில்ல, உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தாதப்ப ரத்தத்துல சேர்ற சமாச்சாரம் அது, மணிக்கணக்குல பேசும். முதல் நம்பர் 2-க்கு மேல இருந்தா ரெண்டுலேர்ந்து நாலு மணி நேரத்துல திரும்ப எடுப்போம். 4.6-லேர்ந்து 3.1, நாலு மணி நேரத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, நல்ல இறக்கம். டிரிப்ஸும் பிரஷர் மருந்தும் ஏதோ செய்யுதுன்னு அர்த்தம். ஆனா டிரிப்ஸுக்கு அப்புறமும் பிரஷர நிறுத்த நார்அட்ரினலின் வேணும், லேக்டேட்டும் 2-க்கு மேலன்னா அதுக்குப் பேரு செப்டிக் ஷாக், 2016-லேர்ந்து இதுதான் வரையறை. அதனால நிம்மதின்னு எழுத மாட்டேன்.

இன்னொண்ணு, 2-க்கு மேலன்னா கன்ஃபர்ம்னு ஒண்ணும் கிடையாது. பெரிய ஆபரேஷன், தீக்காயம், மலேரியா, இதுலயும் ஏறும். கிட்னி ஓஞ்சுபோனவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

தேவகோட்டைப் பேரன் (சனி, 12:05)
ரொம்ப நன்றி டாக்டர். கிட்னிக்குப் பாக்குற கிரியேட்டினின் 2.6-ன்னு போட்டிருக்கு, முன்னாடி 1.1 இருந்துச்சு. இன்னொரு சண்டை ஓடுது. லேக்டேட் ஏறிருக்குன்னு இவங்களே சொல்லிட்டு, ரிங்கர் லேக்டேட்னு எழுதுன பாட்டிலயே மாட்டிருக்காங்க. சித்தப்பா அந்தப் பாட்டிலப் படிச்சுட்டு நர்ஸ் பொண்ணப் பிடிச்சுக்கிட்டாக, "நெருப்புல எண்ணெய ஊத்துறீகளா"ன்னு. அந்தப் பொண்ணு பதில் சொல்லாம அப்பத்தா விரல் நுனிய அழுத்திப் பிடிச்சு வாட்ச்சப் பாத்துக்கிட்டு நின்னுச்சு, அது என்னன்னும் தெரியல.

மூணாம் ஷிப்ட் (சனி, 12:40)
சித்தப்பாகிட்ட சொல்லுங்க, பாட்டில்ல உள்ளது சோடியம் லேக்டேட், உப்பு மாதிரி. கல்லீரல் ஓரளவுக்கு வேலை செஞ்சாப் போதும், அத எரிச்சு பைகார்பனேட்டா மாத்திரும், ரத்தத்துல உள்ள நம்பர அது பெருசா தூக்காது. ஒரே ஒரு கவனம், அதே டிரிப்ஸ் ஓடுற கைல, ஊசிக்கு மேல ரத்தம் எடுத்தா நம்பர் பொய்யா வரும். மறு கைல எடுப்பாங்க.

அந்த நர்ஸ் பொண்ணு செஞ்சதுதான் இந்தக் கூத்துல நடந்த நல்ல காரியம். பத்து செகண்டு நல்லா அழுத்தி விட்டா நகத்தடி வெளுத்து இருக்கும், மூணு செகண்டுக்குள்ள திரும்பச் சிவக்கணும். சிவக்கலன்னா ரத்தம் ஓரத்துக்குப் போய்ச் சேரலன்னு அர்த்தம். 2019-ல ஆண்ட்ரோமீடா-ஷாக்னு ஒரு டிரயல் வந்துச்சு, செப்டிக் ஷாக்ல லேக்டேட்டப் பாத்து டிரிப்ஸ் குடுக்குறதுக்கும் இந்த விரல் டெஸ்ட்டப் பாத்துக் குடுக்குறதுக்கும் உள்ள வித்தியாசத்தப் பாத்தாங்க. விரல் தோத்துப்போகல. பைசா செலவில்லாத டெஸ்ட்.

லேப் முருகு (சனி, 12:52)
சரி டாக்டர், ஒத்துக்குறேன். நம்ம கைக்கு சாம்பிள் வரும்போது காய்ச்சல் எப்ப வந்துச்சுன்னு யாரும் எழுதி அனுப்புறதில்ல, அதான் நம்பர மட்டும் வச்சுப் பேசிட்டேன்.

புதுவயல் செல்வி (சனி, 3:15)
எங்கப்பாவுக்கு நடந்தத எழுதணும்னு தோணுது. ரெண்டு வருசம் முன்னாடி, ஒரு ஆஸ்பத்திரில (பேர் வேணாம்) காய்ச்சல்னு போனோம், ப்ரோகால்சிடோனின் 0.3, ஒண்ணுமில்ல வைரல்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. காய்ச்சல் வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல அப்ப. மறுநாள் மத்தியானம் மூச்சு வாங்கி திரும்பத் தூக்கிட்டுப் போனா 60-க்கு மேல. பதினெட்டு நாள் ஐசியூ, அப்புறம் இல்ல. அந்த 0.3 பேப்பர் இன்னும் பீரோல இருக்கு. டாக்டர், அது பொய் ரிசல்ட்டா?

மூணாம் ஷிப்ட் (சனி, 4:02)
பொய்யில்லம்மா. ரெண்டாவது மணி நேரத்துல எடுத்திருந்தா மெஷின் உண்மையத்தான் சொல்லிருக்கும், அந்த நேரத்துக்கான உண்மைய. அதனாலதான் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண இந்த டெஸ்ட்ட நம்பாதீங்கன்னு 2021 சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டிலயே இருக்கு. எப்ப நிறுத்தலாம்னு பாக்கத்தான் அது உதவும். உங்க அப்பா விஷயத்துல வேற என்ன அறிகுறி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாம நான் தீர்ப்பு சொல்லக்கூடாது. வருத்தமா இருக்கு.

தேவகோட்டைப் பேரன் (ஞாயிறு, காலை 8:20)
கடைசில சித்தப்பா ஜெயிச்சாக. நேத்து சாயங்காலம் ஐசியூ ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கொண்டுவந்துட்டோம், வழில பம்ப் நிக்காமப் பாத்துக்கிட்டாங்க. ஆனா இங்க வந்ததும் வயிறு கலங்கிருச்சு. லேக்டேட் 25!!! நேத்து 3.1 இருந்தது. ப்ரோகால்சிடோனின் 44. அப்பச்சி சிங்கப்பூர்லேர்ந்து டிக்கெட் போட்டுட்டாக. ஆம்புலன்ஸ்ல ஏத்துனதுதான் தப்பாயிருச்சா?

லேப் முருகு (ஞாயிறு, 8:26)
ப்ரோ மூச்ச விடுங்க. அந்தப் பேப்பர்ல நம்பருக்குப் பக்கத்துல என்ன யூனிட் போட்டிருக்கு? ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்ன?

தேவகோட்டைப் பேரன் (ஞாயிறு, 8:31)
mg/dL, 4.5 - 19.8 ன்னு இருக்கு.

லேப் முருகு (ஞாயிறு, 8:34)
அதான்!! காரைக்குடில எடுத்தது ஐசியூலயே வச்சிருக்குற பிளட் கேஸ் மெஷின்ல, அது mmol/L. இங்க மெயின் லேபுக்குப் போயிருக்கு, அது mg/dL. ஒன்பதால வகுங்க. 25-ஐ 9-ஆல வகுத்தா 2.8 தான். ஏறல, 3.1-லேர்ந்து கொஞ்சம் இறங்கிருக்கு. மாசத்துல ஒருத்தராவது இதப் பாத்துட்டு எங்க கவுன்ட்டர்ல வந்து அழுவாங்க.

இன்னொண்ணு, மெயின் லேப் சாம்பிள் சாம்பல் மூடி டியூப்ல போகணும், ஃப்ளோரைடு போட்டது. சாதா டியூப்ல எடுத்து அரை மணி நேரம் டேபிள்ல கிடந்தா ரத்த அணுவே சர்க்கரையத் தின்னு லேக்டேட்ட ஏத்திக்கிட்டே இருக்கும். அதனால ஒரே மெஷின்ல, ஒரே மாதிரி எடுத்ததத்தான் ஒப்பிடணும்.

மூணாம் ஷிப்ட் (ஞாயிறு, 9:10)
முருகு சொன்னதுக்கு நூத்துக்கு நூறு. அப்பச்சிக்குப் போன் போட்டு 2.8-ன்னு சொல்லுங்க தம்பி. டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ண வேணாம், அம்மா இன்னும் பம்ப்லதான இருக்காங்க.

பள்ளத்தூர் மீனாள் (ஞாயிறு, 9:45)
ஒன்பதால வகுக்கணும்னு பேப்பர்லயே அச்சடிச்சா என்னவாம். பெரியவுக உசிரு போயிரும் இதப் பாத்தா.

தேவகோட்டைப் பேரன் (திங்கள், காலை 11:05)
இன்னைக்கு லேக்டேட் 1.9, இந்தத் தடவ mmol/L-ன்னு கேட்டே வாங்கிட்டேன். ப்ரோகால்சிடோனின் 42. நேத்து 44. இறங்கிருச்சுன்னு சந்தோசப்பட்டா டூட்டி டாக்டர் மூஞ்சி சரியில்ல. காய்ச்சல் இன்னும் 101, 102-ன்னு வந்து வந்து போகுது. பம்ப் ஸ்பீடு சனிக்கிழமை ராத்திரி இருந்த அதே அளவு. கல்ச்சர்ல ஈ கோலை வளந்திருக்காம், இப்ப போடுற மெரோபெனம் அதுக்குக் கேக்கும்னு சென்சிட்டிவிட்டில வந்திருச்சாம். அப்ப ஏன் மூஞ்சி சரியில்ல?

லேப் முருகு (திங்கள், 11:30)
மருந்து கேக்கும்னு வந்திருச்சு, லேக்டேட் நார்மல். நல்லதுதான ப்ரோ. 42 கிட்னியால மெதுவா இறங்குது, வேறென்ன.

மூணாம் ஷிப்ட் (திங்கள், 12:15)
இல்ல முருகு, இந்த எடத்துல எனக்கும் மூஞ்சி சரியா இருக்காது. கிருமி அடங்கிட்டா இந்த நம்பர் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட பாதியாகணும். கிட்னி மந்தமா இருந்தா கொஞ்சம் இழுக்கும், ஆனா 44-லேர்ந்து 30 பக்கமாவது வந்திருக்கணும். 42-ன்னா அது இறக்கமே இல்ல, படுத்திருக்கு. மருந்து சரி, டோஸ் சரி, ஆனாலும் உடம்பு இன்னும் அதக் கொட்டிக்கிட்டே இருக்குன்னா எங்கயோ சீழ் அடைச்சு நிக்குதுன்னுதான் முதல்ல சந்தேகப்படுவோம். அடைபட்ட சீழுக்குள்ள மருந்து போய்ச் சேராது. லேக்டேட் இறங்கினது ரத்த ஓட்டத்த நாம முட்டுக் குடுத்து நிறுத்திருக்கோம்னு காட்டுது, கிருமி தீந்துச்சுன்னு இல்ல. பம்ப் குறையாததும் காய்ச்சல் விடாததும் அதே கதையத்தான் சொல்லுது.

யூரின்லேர்ந்து வந்ததுன்னா கிட்னில அடைப்பு இருக்கான்னு பாத்தாங்களா? ஸ்கேன் எடுத்தாங்களா?

தேவகோட்டைப் பேரன் (திங்கள், 12:22)
காரைக்குடில ராத்திரி பெட்லயே வச்சு அல்ட்ராசவுண்ட் பாத்தாக, வயித்துல கேஸ் அதிகம், இடது கிட்னி லேசா வீங்கிருக்குன்னு எழுதிருந்துச்சு. இப்ப சிடிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, டையெல்லாம் ஏத்தாம சும்மா எடுக்குறதுன்னு சொன்னாங்க.

தேவகோட்டைப் பேரன் (செவ்வாய், காலை 9:50)
டாக்டர் நீங்க சொன்னது அப்படியே. இடது பக்கம் கிட்னிலேர்ந்து யூரின் இறங்குற குழாய்ல, மேல, 9 மில்லிமீட்டர் கல்லு. அதுக்கு மேல கிட்னி புடைச்சு நிக்குது. நேத்து ராத்திரியே யூராலஜி டாக்டர் யூரின் வடியுறதுக்கு டிஜே ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் உள்ள வச்சாரு, கம்பி கல்லத் தாண்டுனதும் மோர் மாதிரி சீழ் கொட்டுச்சுன்னு வெளிய வந்து சொன்னாரு. இப்ப கல்ல எடுக்கல, இன்ஃபெக்‌ஷன் தீந்தப்புறம்தானாம்.

ஆனா இன்னைக்குக் காலை ப்ரோகால்சிடோனின் 46. திரும்ப ஏறிருக்கு. எனக்கு இனிமே இந்தப் பேப்பரப் பாக்கவே பயமா இருக்கு.

மூணாம் ஷிப்ட் (செவ்வாய், 10:30)
அடைச்ச எடத்துல கம்பி விடும்போது கொஞ்சம் கிருமி திரும்ப ரத்தத்துல தெறிக்கும், ஒரு சின்ன ஏத்தம் எதிர்பாத்ததுதான். இன்னைக்கு நம்பர விட்டுட்டு பம்ப் ஸ்பீடப் பாருங்க.

தேவகோட்டைப் பேரன் (புதன், காலை 9:15)
பம்ப் இன்னைக்கு விடிகாலைல நிறுத்திட்டாங்க!! ப்ரோகால்சிடோனின் 24. காய்ச்சல் இல்ல. அப்பத்தா என்னைய என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏண்டா தாடி வளந்திருக்கு"ன்னு கேட்டாக.

பள்ளத்தூர் மீனாள் (புதன், 9:22)
கண்ணுல தண்ணி வந்திருச்சு அப்பு. ஊருக்கு வந்ததும் கொப்புடையம்மனுக்கு மாவிளக்குப் போடுங்க.

தேவகோட்டைப் பேரன் (வெள்ளி, மாலை 6:40)
நேத்து 13, இன்னைக்கு 7.5. கிரியேட்டினின் 1.5. ரூமுக்கு மாத்திட்டாங்க. இன்னொரு கேள்வி, ஒரு தடவ எடுக்க 2,400 ரூபா, இதுவரைக்கும் ப்ரோகால்சிடோனின் எட்டு தடவ எடுத்தாச்சு. இன்னும் எடுக்கணுமா? ஊசி எப்ப நிறுத்துவாங்க?

லேப் முருகு (வெள்ளி, 7:05)
உச்சம் 46. அதுலேர்ந்து 80 சதவீதம் குறைஞ்சா நிறுத்தலாம்னு ஒரு கணக்கு இருக்கு, நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன் இந்தத் தடவ 😀 46-ல அஞ்சுல ஒரு பங்கு 9.2. நீங்க 7.5. அப்ப இன்னைக்கே நிறுத்தலாமே.

மூணாம் ஷிப்ட் (வெள்ளி, 8:10)
கணக்கு சரி. 80 சதவீதம் குறையணும், இல்லன்னா 0.5-க்குக் கீழ வரணும். நெதர்லாந்துல 2016-ல வந்த பெரிய டிரயல்ல அப்படித்தான் வச்சுப் பாத்தாங்க, ஆன்டிபயாடிக் நாள் குறைஞ்சுது, நோயாளிக்கும் கெடுதல் வரல. ஆனா அந்தக் கணக்கு நிறுத்தலாம்னு இடம் குடுக்குது, நிறுத்துன்னு கட்டளை போடல. இவங்களுக்கு சீழ் வடிஞ்சதே திங்கள் ராத்திரிதான், நானா இருந்தா ஏழு நாள அன்னைலேர்ந்து எண்ணுவேன். அடுத்த திங்கள் வரைக்கும் போகும். எங்க யூனிட்லயே இன்னொருத்தர் ஆளு நல்லாருக்கான்னு பாத்துட்டு முன்னாடியே நிறுத்திருவாரு, நாங்க இதுக்கு ரவுண்ட்ஸ்ல வாரம் ஒரு தடவ சண்டை போடுவோம்.

தினமும் எடுக்க வேண்டிய கட்டம் தாண்டியாச்சு. காய்ச்சல் திரும்ப வந்தா எடுக்கலாம், இல்லன்னா நானா இருந்தா எடுக்க மாட்டேன். உங்க டாக்டர்ட்ட கேளுங்க, கேட்டாத் தப்பில்ல.

புதுவயல் செல்வி (வெள்ளி, 8:44)
பாட்டி நல்லாயிட்டாங்கன்னு படிச்சு சந்தோசம். எங்கப்பாவுக்கு மறுநாள் வரைக்கும் காத்திருக்காம ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா டாக்டர்?

மூணாம் ஷிப்ட் (வெள்ளி, 9:30)
ஏறியிருக்க வாய்ப்பு இருக்கும்மா. அதுக்கும் முன்னாடி, அவரு மூச்ச ஒரு நிமிசம் எண்ணிருந்தா, பிரஷர ராத்திரி இன்னொரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது எத எதப் பாத்துத் திரும்ப வரணும்னு எழுதிக் குடுத்திருக்கணும். அது குடுத்தாங்களா?

புதுவயல் செல்வி (வெள்ளி, 9:37)
இல்ல.

தேவகோட்டைப் பேரன் (சனி, காலை 7:55)
டாக்டர்ட்ட கேட்டேன். ஊசி திங்கள் வரைக்கும், ப்ரோகால்சிடோனின் இனிமே வேணாம்னுட்டாரு. மூணு வாரம் கழிச்சு கல்ல எடுத்துட்டு ஸ்டென்ட்டயும் எடுக்கணும், அத மறந்து உள்ளயே விட்டுட்டா அது மேலயே கல்லு படியும்னு ரெண்டு தடவ சொன்னாரு, தேதிய டிஸ்சார்ஜ் சீட்டுல வட்டம் போட்டுத் தர்றேன்னாரு. அப்பத்தா இட்லி வேணாம், கவுனி அரிசி வேணும்ங்கிறாக, சுகர் 240-ல நிக்குது, குடுக்கல.